ஆண்டுத் திதி: அழைப்பும் வழியனுப்பும்

ஒருவர் இறந்து ஓராண்டு நெருங்கும்போது வீட்டில் நடக்கும் பேச்செல்லாம் ஏற்பாடுகளைப் பற்றியே இருக்கும். ஐயரிடம் சொல்லியாகிவிட்டதா, எத்தனை பேருக்கு இலை போடுவது, நினைவஞ்சலி விளம்பரத்துக்கு எந்தப் படத்தைக் கொடுப்பது, லீவு கிடைக்குமா. இதே நாட்களில் வேறொன்றும் நடந்துகொண்டிருக்கும், ஆனால் அதை யாரும் பேச மாட்டார்கள். தூக்கம் கெடும். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வரும். ஆஸ்பத்திரி வராந்தாவின் மருந்து வாசனை எங்கிருந்தோ வந்ததுபோல் இருக்கும். “நாள் நெருங்குது இல்ல?” என்று யாராவது சொன்ன பிறகுதான் காரணம் பிடிபடும்.

உளவியலார் இதை ஆண்டுநாள் எதிர்வினை என்கிறார்கள். அவர்கள் இதை விரிவாக எழுதத் தொடங்கும் முன்பே பல சமூகங்கள் ஆண்டு நிறைவுக்கென்று சடங்குகளை வகுத்துவிட்டன. தமிழர் வீடுகளில் தலைத்திவசம், வருஷத் திதி, ஆட்டைத் திவசம் என்று வழங்கும் சடங்கு அவற்றில் ஒன்று. அதன் அமைப்பைக் கவனித்துப் பார்த்தால், துக்கத்தைக் கையாளத் தேவையான முக்கியமான ஒன்று அதில் இருப்பது தெரியும். கூடவே ஒரு பெரிய குறையும் தெரியும். இந்தக் கட்டுரை இரண்டையும் எடுத்துக்கொள்கிறது.

உடல் வைத்திருக்கும் கணக்கு

ஆண்டுநாள் எதிர்வினை பற்றிய எழுத்துகளில் தவறாமல் வரும் பெயர் ஜார்ஜ் ஏங்கல். நோயை உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்ற கோட்பாட்டை 1977இல் முன்வைத்த அமெரிக்க மருத்துவர் அவர். அவருடைய இரட்டைச் சகோதரர் ஃபிராங்க் 1963 ஜூலையில் மாரடைப்பால் இறந்தார். தனக்கும் ஓராண்டுக்குள் அதுதான் கதி என்ற எண்ணம் ஏங்கலை விடவில்லை. 1964 ஜூனில், ஓராண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது, அவருக்கும் மாரடைப்பு வந்தது. அப்போது தமக்கு ஏற்பட்ட உணர்வு பயமல்ல, ஒருவித நிம்மதி என்று அவரே பின்னர் பதிவு செய்தார். காத்திருந்தது வந்துவிட்டது, இனி காத்திருக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. பத்தாண்டுகள் தம் கனவுகளையும் மறதிகளையும் குறித்து வைத்து, 1975இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

ஏங்கலின் மாரடைப்புக்குத் துக்கம்தான் காரணம் என்று இந்த ஒரு நிகழ்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. இருவரும் ஒரே மரபணு கொண்டவர்கள், இதய நோய் அந்தக் குடும்பத்தில் இருந்தது. ஆனால் நாள் நெருங்குவதே ஒரு பாரம் என்பதை, அதை அனுபவித்த மருத்துவர் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் பெரிய அளவிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். சுவீடனின் மக்கள்தொகைப் பதிவேடுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. பிள்ளையைச் சிறு வயதில் பறிகொடுத்த தாய்மாரிடையே, அந்தப் பிள்ளை இறந்த நாளை ஒட்டிய காலத்தில் இறப்பு கூடுதலாக இருந்ததை அது கண்டது. தந்தையரிடம் அப்படியொரு கூடுதல் தெரியவில்லை.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு மரணம் நிகழும்போது அதைச் சுற்றியிருந்தவையும் சேர்ந்தே நினைவில் பதிகின்றன. அன்று பெய்த மழை, தெருவில் வெடித்த வெடி, அந்த வாரம் நடந்த பரீட்சை, மாலை வெளிச்சம். ஆண்டு சுழன்று அதே பருவம் வரும்போது இவையும் திரும்ப வருகின்றன. தேதி நினைவுக்கு வராவிட்டாலும் ஈரக்காற்று அதைச் சொல்லிவிடும். இதனால்தான் எதிர்வினை பெரும்பாலும் அந்த ஒரு நாளில் தொடங்குவதில்லை, சில வாரங்கள் முன்பே எட்டிப் பார்க்கிறது. நாள் என்று ஒன்று இருப்பதைவிட, பருவம் என்று ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது பொருத்தம்.

அந்தப் பருவம் வருடங்கள் போனால் வராமல் நின்றுவிடும் என்பதும் இல்லை. சிக்மண்ட் ஃபிராய்ட் தம் மகள் சோஃபியை 1920 ஜனவரியில் இழந்தார். 1929 ஏப்ரல் 12 அன்று, மகனைப் பறிகொடுத்த நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு ஆறுதல் கடிதம் எழுதும்போது, உயிரோடு இருந்திருந்தால் சோஃபிக்கு அன்று முப்பத்தாறு வயது ஆகியிருக்கும் என்று குறிப்பிட்டார். துக்கத்தின் வேலையே இறந்தவரிடமிருந்து மனத்தைப் பிரித்தெடுப்பது என்று ஒரு காலத்தில் கோட்பாடு எழுதியவர் அவர். ஒன்பது ஆண்டுகள் கழித்தும் அவர் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

எது அந்த நாள்?

தமிழ் வீடுகளில் இந்தப் பருவத்துக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நாள் ஒன்றல்ல, இரண்டு. ஆங்கிலத் தேதி ஒன்று, திதி ஒன்று. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். மதுரையில் ஒருவர் 2023 நவம்பர் 14 அன்று விடியற்காலையில் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12. இறந்தது இரண்டாம் நாள். தமிழ்க் கணக்கில் ஐப்பசி 28, வளர்பிறைப் பிரதமை. இனி ஆண்டுதோறும் அவருக்குரிய நாள், ஐப்பசி மாதத்தில் வரும் வளர்பிறைப் பிரதமை.

சந்திரனின் பன்னிரண்டு மாதங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாள்தான். ஆகவே திதி ஒவ்வோர் ஆண்டும் முன்னே நகரும். 2024இல் அந்தப் பிரதமை நவம்பர் 2 அன்று வந்தது. 2025இல் அக்டோபர் 22. இப்படியே நகர்ந்தால் 2026இல் அக்டோபர் 11 ஆகியிருக்க வேண்டும். ஆனால் அது புரட்டாசிக்குள் விழுந்துவிடுகிறது. மாதம் ஐப்பசியாக இருந்தாக வேண்டும் என்பதால் அடுத்த பிரதமைக்குத் தள்ளிப் போய், நவம்பர் இரண்டாம் வாரத்துக்குத் திரும்பி வருகிறது. ஒரு திதி இரண்டு நாள்களில் பரவி நின்றால், எந்த நாளின் பிற்பகலில் அந்தத் திதி இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்வது வழக்கம். பகலை ஐந்து கூறாக்கினால் நான்காவது கூறு, அதாவது சுமாராக ஒன்றேகால் மணியிலிருந்து மூன்றரை மணி வரை, பிதிர் காரியத்துக்கு உரிய நேரம். பஞ்சாங்கம் ஊருக்கு ஊர் சற்று மாறும். டொரொண்டோவிலோ லண்டனிலோ இருப்பவர்கள் சென்னைப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறித்தால் சில ஆண்டுகளில் ஒரு நாள் தவறிப்போவது இதனால்தான்.

இந்தக் கணக்கை மனத்தின் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அந்த மதுரைக் குடும்பத்துக்கு 2024இல் தீபாவளி அக்டோபர் 31, திதி நவம்பர் 2, ஆங்கிலத் தேதி நவம்பர் 14. ஊரெல்லாம் வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கும் நாள் முதல் எண்ணினால் மூன்று வாரத்துக்கு மேல். அவர்களுக்கு முதல் அடி திதியன்று விழுவதில்லை, பட்டாசுக் கடை திறந்தவுடன் விழுகிறது. திதி நல்லபடியாக முடிந்தது, மனசு லேசானது என்று நினைத்திருக்கும்போது நவம்பர் 14 வருகிறது. அன்று வீட்டில் சடங்கு இல்லை, சொந்தக்காரர்கள் இல்லை. கல்லூரியில் இருக்கும் மகனின் செல்போனில் நினைவூட்டலாக அப்பாவின் பழைய படம் வந்து நிற்கிறது. மனைவிக்குத் திதியே நாள். மகனுக்கு நவம்பர் 14தான் நாள். ஒருவர் அழுது ஓய்ந்த பிறகு இன்னொருவருக்குத் தொடங்குகிறது. அது தெரியாவிட்டால் “அன்னைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை, இப்ப என்னவாம்?” என்ற பேச்சு எழும். ஆகவே முதல் வேலை, அந்தப் பருவத்தில் வரும் எல்லா நாள்களையும் ஒரு காலண்டரில் குறித்து, யாருக்கு எது நாள் என்று வீட்டில் வாய்விட்டுப் பேசிக்கொள்வது.

சடங்கு செய்யும் வேலை

வைதிக முறைப்படி நடக்கும் திவசத்தின் உள்ளமைப்பு எளிமையானது. பெயரும் கோத்திரமும் சொல்லி இறந்தவரை வரவழைக்கிறார்கள். உட்கார வைத்து உபசரிக்கிறார்கள். உணவிடுகிறார்கள், எள்ளும் தண்ணீரும் விடுகிறார்கள், பிண்டம் வைக்கிறார்கள். கடைசியில், வந்த இடத்துக்கே திரும்பச் செல்லும்படி வழியனுப்புகிறார்கள். வீட்டில் படையல் போடும் குடும்பங்களிலும் இதே வரிசையைப் பார்க்கலாம். படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, சாம்பிராணி காட்டி, எல்லோரும் சற்று நேரம் வெளியே வந்து கதவைச் சாத்துவார்கள். காக்கைக்குச் சோறு வைத்து, அது எடுத்ததும் நிம்மதியாகச் சாப்பிட உட்காருவார்கள். படையலுக்கு வெங்காயம் பூண்டு இல்லாமல் வாழைக்காயும் பிரண்டைத் துவையலும் செய்யும் வீடு உண்டு. கருவாட்டுக் குழம்பும் ஒரு கட்டுப் பீடியும் வைக்கும் வீடும் உண்டு. இரண்டிலும் விருந்தாளி வருகிறார், சாப்பிடுகிறார், போகிறார்.

இந்தப் போவதுதான் முக்கியம். மார்கரெட் ஸ்ட்ரோபவும் ஹெங்க் ஷுட்டும் 1999இல் முன்வைத்த இரட்டைப் போக்குக் கோட்பாடு, துக்கப்படுபவர் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்வை நோக்கியும் மாறி மாறி நகர்வதே ஆரோக்கியம் என்கிறது. ஒரே பக்கத்தில் தங்கிவிடுவதில்தான் சிக்கல். இறந்தவரோடு உறவைத் துண்டித்துக்கொள்ள வேண்டியதில்லை, அந்த உறவு வேறு வடிவில் தொடரலாம் என்பதை 1996இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் மூவரும் தொகுத்த நூல் ஆய்வுலகில் நிலைநாட்டியது. திவசம் இந்த இரண்டையும் ஒரே பகலில் செய்துவிடுகிறது. உறவு தொடர்கிறது, ஆனால் அதற்கு ஒரு நேர எல்லை இருக்கிறது. பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் வந்தவர் வீட்டில் இல்லை. பந்தி முடிந்ததும் பெரியவர்கள் நிலத்தகராறையும் பேரன் படிப்பையும் பேசத் தொடங்குவது மரியாதைக் குறைவல்ல. அதுவும் அந்த அமைப்பின் பகுதிதான்.

முதல் ஆண்டுக்குத் தனி எடை இருப்பதற்கு நூல்வழியும் ஒரு காரணம் உண்டு. இறந்தவர் பிரேத நிலையிலிருந்து பிதிர்களோடு சேர்வது சபிண்டீகரணம் என்னும் கிரியையால். அதை ஆண்டு முடிவில் செய்வதற்கு தர்மசாஸ்திரங்களில் விதி உண்டு. ஆனால் நடைமுறையில் அது பன்னிரண்டாம் நாளுக்கே வந்துவிட்டது. ஆண்டு முழுக்கச் செய்ய வேண்டிய மாசியங்களையும் சிலர் சேர்த்துச் செய்து முடித்துவிடுகிறார்கள். சடங்கு முன்னால் ஓடிவிட்டது, மனம் பழைய கணக்கிலேயே இருக்கிறது. பெரும்பாலான குடும்பங்களில் முதல் ஆண்டு பண்டிகை இல்லை, சுப காரியம் இல்லை என்ற வழக்கம் மட்டும் அந்த ஓராண்டுக் காலத்தை இன்னும் காத்து வைத்திருக்கிறது. தலைத்திவசம் முடிந்ததும் அந்தத் தடை நீங்குகிறது. அடுத்த தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா என்று தயங்கி நிற்பவருக்கு, அதற்கான அனுமதியை ஊரறிய அளிக்கும் நாள் அது.

யார் கையில் வேலை இல்லை?

குறையும் இங்கேதான் இருக்கிறது. அழைப்பதும் வழியனுப்புவதும் கர்த்தாவின் கையில் இருக்கின்றன. பெரும்பாலும் அது மூத்த மகன். மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அல்லது பார்க்கக்கூட முடியாமல் அடுப்படியில் இருக்கிறார்கள்.

அந்த மதுரை வீட்டையே மறுபடி எடுத்துக்கொள்வோம். நவம்பர் 2 பகல். மகன் கூடத்தில் பவித்திரம் அணிந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை ஐயர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். எள்ளை எடுங்கள், தண்ணீர் விடுங்கள், அப்பா பெயரைச் சொல்லுங்கள். அவருக்குக் குரல் தழுதழுத்தால் ஐயர் சற்று நிறுத்துகிறார். இறந்தவரின் மனைவி விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து வடைக்கு அரைத்து, நாற்பது பேருக்குச் சமைத்து, இலை பற்றாதென்று ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார். உடம்பு நிறைய வேலை, ஆனால் அதில் ஒன்றுகூடக் கணவரை நோக்கியதல்ல. கட்டிக்கொடுத்த மகள் விருந்தாளிபோல் வந்து சுவரில் சாய்ந்து நிற்கிறார். கடைசி எட்டு மாதம் மருந்து கொடுத்து, குளிப்பாட்டி, இரவில் விழித்திருந்தது அவர்தான். சடங்கில் அவருக்கு இடமில்லை. பத்து வயதுப் பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறார்கள், குழந்தை பயந்துவிடும் என்று.

அன்று மாலை மகன் களைப்போடு உறங்கிவிடுகிறார். உறக்கம் வராமல் கிடப்பவர்கள் மற்ற மூவர். சடங்கு தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. அது ஒருவருக்குச் செய்ததை மற்றவர்களுக்குச் செய்யவில்லை.

மரபைக் கைவிடாமலே இதைச் சரிசெய்ய வழி உண்டு. கூடத்தில் நடப்பது நடக்கட்டும். அதோடு ஒவ்வொருவருக்கும் இறந்தவரை நோக்கிய ஒரு செயலைத் தர வேண்டும். சமையலை ஆள் வைத்தோ உறவினர் பொறுப்பிலோ விட்டுவிட்டு, அவருக்குப் பிடித்த ஒரே ஒரு பண்டத்தை மட்டும் மனைவி செய்து தம் கையால் இலையில் வைக்கலாம். நினைவஞ்சலியின் வாசகத்தை எழுதும் பொறுப்பை மகளுக்குக் கொடுக்கலாம். நாளிதழில் வரும் நான்கு வரியானாலும், எந்தப் படம், எந்த வார்த்தை, யார் யார் பெயர் என்று முடிவு செய்யும்போது அப்பாவைப் பற்றிய முடிவு ஒன்று அவர் கையில் வருகிறது. ஈழத்தமிழர் வீடுகளில் முப்பத்தோராம் நாளுக்கு வெளியிடும் நினைவு மலர்கள் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்கின்றன. அதற்காகப் படம் தேடுவது, வரலாறு கேட்பது, நண்பர்களிடம் கட்டுரை வாங்குவது என்று குடும்பம் முழுக்க இறங்கிவிடும். பேத்தியை அனுப்பி வைக்காமல், காக்கைக்குச் சோறு வைக்கச் சொல்லலாம். குழந்தைகளுக்குப் பயம் தருவது சடங்கைவிட, மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாததுதான்.

சடங்கு வேண்டாம் என்பவர்களுக்கும் இதே அமைப்பு உதவும். கிறிஸ்தவக் குடும்பங்களில் ஆண்டு நினைவுத் திருப்பலியும், நவம்பர் 2 அன்று கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுவதும் இருக்கின்றன. கல்லறையைக் கழுவுவது எல்லோரும் கைவைக்கக்கூடிய வேலை. பகுத்தறிவுக் குடும்பங்களில் படத்துக்கு மாலை போட்டு, வந்தவர்கள் ஆளுக்கொரு நிகழ்ச்சி சொல்லிக் கலைவது உண்டு. எந்த வடிவமானாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். தொடக்கம் எது? இறந்தவருக்காக ஒவ்வொருவரும் செய்யும் செயல் எது? முடிந்தது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் நாள் இரவு வரை இழுத்துக்கொண்டே போகும்.

முன் நாளும் மறுநாளும்

நாள் வருவதற்கு முன்பு வரும் அச்சமே நாளைவிடக் கனமானது என்று துக்க ஆலோசகர்கள் பலரும் சொல்கிறார்கள். அன்றைக்கு வேலை இருக்கும், ஆள் இருக்கும். முந்தைய வாரத்தில் இரண்டும் இருக்காது. அந்த வாரத்தில் பெரிய முடிவு எடுப்பது, வீட்டை விற்கப் பேசுவது, இறந்தவரின் அலமாரியைக் காலி செய்வது ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. இறுதி நாள்களின் காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தால், நம்பகமான ஒருவரிடம் அதை வரிசையாகச் சொல்லிவிடுவது உதவும். எந்த ஆஸ்பத்திரி, யார் கூட இருந்தார்கள், கடைசியாக என்ன பேசினார். துண்டு துண்டாக வருபவை ஒழுங்கான ஒரு கதையாகும்போது அவற்றின் வேகம் குறைகிறது.

மறுநாளை யாரும் திட்டமிடுவதில்லை. சொந்தக்காரர்கள் காலை பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். வாடகைப் பாத்திரம் திரும்பிப் போயிருக்கும். ஓராண்டு முழுக்க ‘இந்த நாளைக் கடந்துவிட்டால் போதும்’ என்று இருந்தவருக்கு, கடந்த பிறகும் இறந்தவர் திரும்பி வரவில்லை என்பது அன்றுதான் உறைக்கும். ஆகவே ஒருவராவது கூடுதலாக ஒரு நாள் தங்குவது, நாற்பது பேர் வந்து போவதைவிடப் பயனுள்ளது. இரண்டாம் ஆண்டுக்கும் இது பொருந்தும். அப்போது கூட்டம் வராது, போன் வராது. ‘ஒரு வருஷம் ஆச்சே, இன்னுமா?’ என்ற பார்வை வரும். முதல் ஆண்டைவிட இரண்டாம் ஆண்டு கடினமாக இருந்தது என்று சிலர் சொல்வதற்கு இந்தத் தனிமை ஒரு காரணம்.

எப்போது உதவி தேட வேண்டும்

நாளை ஒட்டி அழுகை, தூக்கமின்மை, பசியின்மை வந்து, அது கடந்த பிறகு நாள்பட நாள்படத் தணிந்தால் அது நோயல்ல. அளவுகோல், தணிகிறதா என்பதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, குறைந்தது ஆறு மாதத்துக்குமேல் தணியாமல் வாழ்வை முடக்கும் துக்கத்தை நீடித்த துக்கக் கோளாறு என்று வரையறுக்கிறது. அமெரிக்க உளமருத்துவக் கழகம் 2022இல் திருத்திய கையேட்டில், பெரியவர்களுக்கு ஓராண்டு கடந்திருக்க வேண்டும், அண்மை ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும் என்கிறது. இரண்டுமே சமூகத்தின் வழக்கத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. ஆகவே தலைத்திவசத்தன்று ஒருவர் கதறுவதைப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. ஒரு மாதம் கழித்துப் பார்க்க வேண்டும். இறப்பை இன்னும் நம்பாமல் இருக்கிறாரா, தன்னில் ஒரு பாதி போய்விட்டது என்கிறாரா, இறந்தவரின் பேச்சையே எடுக்க விடாமல் தவிர்க்கிறாரா, வேலைக்கோ சமையலுக்கோ திரும்ப முடியவில்லையா என்று கவனித்து, ஆம் என்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இதற்கென்று வடிவமைத்த பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது.

ஒன்றுக்கு மட்டும் ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது. “நானும் அவரோட போயிடறேன்” என்ற பேச்சு வந்தாலோ, மாத்திரைகளைச் சேர்த்து வைப்பது கண்ணில் பட்டாலோ, குடி திடீரென்று கூடினாலோ அன்றே தனியாக விடாமல் உதவி தேட வேண்டும். நாள் நெருங்கும் வாரத்தில் இவற்றைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். இந்திய அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. இரண்டிலும் தமிழில் பேசலாம். திதிக்கு ஆள் அழைக்கும் பட்டியலை எழுதும் தாளிலேயே இந்த எண்களையும் எழுதி வையுங்கள். மறுநாள் தங்கப் போகிறவர் யார் என்பதையும் அதே தாளில் முடிவு செய்யுங்கள்.